முழுக்கையா, அரைக்கையா

நாற்பத்து நான்கு மணி நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் படம் எங்கள் கடைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வடக்கனந்தலில் புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். அதற்குள் படத்தில் இருந்தவருடைய சட்டைக்கு ஒரு கையும் பாதிக் காலரும் வேண்டும்.

கடை என்றால் கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் இருக்கும் தெரசா ஸ்டூடியோ. தெரசா என்பது உரிமையாளர் ரெஜினா அக்காவின் அம்மா பெயர். அக்கா முன்னால் நின்று பேசுவார். நான் பின்னால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பேன். இயற்பியல் படித்துவிட்டு வந்து பத்து மாதம் ஆகிறது. இந்தப் பத்து மாதத்தில் வாடிக்கையாளர்களிடம் நான் அதிகமாகச் சொன்ன வார்த்தை "மோவாய கொஞ்சம் தூக்குங்க".

படத்தைக் கொண்டுவந்தவர்கள் மூன்று பேர். வீரமுத்து, கரும்பும் மரவள்ளியும் போடுகிறவர். புது வீடு அவருடையது. அவருடைய தங்கை நிர்மலா, சின்னசேலத்தில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறவர். அவர்களுடைய அம்மா பச்சையம்மாள். படத்தில் இருந்தவர் அப்பா அய்யாக்கண்ணு. அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. இளமையில் அவர் எடுத்துக்கொண்ட ஒரே படம் இது. வாக்காளர் அட்டையில் இருக்கும் முகம் தன்னுடையதுதான் என்று அவரே கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லையாம்.

"பழைய வூட்டு ஓடு ஒழுகி தண்ணி உள்ள பூந்துடுச்சு. படம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. நான்தான் பாத்து பாத்து பிச்சி எடுத்தேன்" என்றார் வீரமுத்து.

"பிச்சிதான் எடுத்திருக்கீங்க" என்றார் ரெஜினா அக்கா.

கறுப்பு வெள்ளைப் படம். பெரிய புத்தக அளவு. அய்யாக்கண்ணு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் வெள்ளைத் துண்டால் சுற்றிய ஒரு வயதுக் குழந்தை. அது வீரமுத்து. வலது பக்கம் பச்சையம்மாள் நிற்கிறார். அவருடைய புடவை முந்தானையும் குழந்தையும் சேர்ந்து அய்யாக்கண்ணுவின் வலது கையை மறைத்துவிட்டன. இடது கைதான் வெளியில் தெரிய வேண்டியது. அந்தப் பக்கம்தான் போயிருந்தது. பாதிக் காலரிலிருந்து தோள், மேல்கை வரை தேநீர் கொட்டியதுபோல் பழுப்புக் கறை. முழங்கைக்குக் கீழே கறைகூட இல்லை. படத்தின் மேல்தோல் கண்ணாடியோடு போய், வெறும் அட்டை தெரிந்தது.

"முழுக்கை போட்டுடுங்க" என்றார் வீரமுத்து.

"அரைக்கை" என்றார் நிர்மலா.

"ஏய், எங்கப்பாவ எனக்குத் தெரியாதா?"

"எனக்கு மட்டும் அவரு சித்தப்பாவா? மாமா வூட்டுல இந்தப் படம் மாட்டி இருந்தப்ப நான் பாத்திருக்கேன். அரைக்கை. கை இங்க வந்து நிக்கும்." தன் கையில் இடம் காட்டினார்.

"அப்ப உனக்கு அஞ்சு வயசு. அஞ்சு வயசுல நீ பேய்கூடத்தான் பாத்த."

"பேய பாக்கல. உன்ன பாத்தேன்."

ரெஜினா அக்கா பச்சையம்மாளைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. பக்கத்துல நின்னுக்கினு இருந்தவங்க நீங்கதான்."

பச்சையம்மாள் தெருவில் போகும் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாத்தயாவது போடுங்க" என்றார்.

"எப்பக் கேட்டாலும் இதேதான்" என்றார் வீரமுத்து. "சரி, அந்தச் சட்டையாச்சும் எங்கன்னு கேட்டா, எலி கடிச்சிடுச்சுன்னு ஒரு தபா சொல்லும். சோளக்கொல்லையில பொம்மைக்குப் போட்டேன்னு ஒரு தபா சொல்லும்."

"என்கிட்ட வண்ணான் தொலைச்சுட்டான்னு சொல்லிச்சு" என்றார் நிர்மலா.

அது சாதாரணச் சட்டை இல்லையாம். பச்சையம்மாளின் அப்பா திருநாவலூரிலிருந்து பொங்கல் வரிசையில் வைத்து அனுப்பிய டெரிகாட்டன் சட்டை. அந்த வருடம் மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவுக்கு அய்யாக்கண்ணு அதைப் போட்டுக்கொண்டு போனார். போனபோது எடுத்ததுதான் இந்தப் படம். மாமனார் வீட்டுக் கூடத்தில் பத்து வருடம் தொங்கி, பிறகு பழைய வீட்டுப் பரணுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அந்த மாமனார் வீட்டுச் சனம் முழுவதும் வரிசையோடு புது வீட்டுக்கு வருகிறது. அவர்கள் முன்னால் அப்பா அந்தச் சட்டையோடு கூடத்தில் இருக்க வேண்டும் என்பது வீரமுத்துவின் ஆசை.

"செல்லுல போட்டா ஒரு நிமிசத்துல சரி பண்ணிக் குடுக்குமாமே?" என்று ரெஜினா அக்கா கேட்டார். வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்னால் அவரே கேட்டுவிடுவார்.

"பண்ணிக் குடுத்துச்சு" என்றார் நிர்மலா. "எம் பையன் போட்டான். கோட்டு, டை எல்லாம் வந்துச்சு. மூக்கு வேற யாருதோ."

"மீசைய எடுத்துடுச்சும்மா" என்றார் வீரமுத்து, இன்னும் ஆறாதவராக. "எங்கப்பா செத்தப்பகூட மீசை இருந்துச்சு."

முழுக்கை ஒன்று, அரைக்கை ஒன்று, இரண்டும் போட்டுக் காட்டுவது, சனிக்கிழமை சாயந்தரம் வந்து பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவானது. தோற்றவர் பால் காய்ச்சும்போது வாய் திறக்கக்கூடாது என்பது ரெஜினா அக்காவின் நிபந்தனை.

அண்ணனும் தங்கையும் வாசலில் நின்று தொடர்ந்தார்கள். பச்சையம்மாள் மட்டும் மேசை ஓரமாக என் பக்கம் வந்தார். படத்தின் கறைமேல் கட்டைவிரலை வைத்தார். தேய்க்கவில்லை, வைத்தார், அவ்வளவுதான்.

"பாப்பா, இந்தக் கறைய தொடைக்காம வுட முடியுமா?"

எனக்குப் புரியவில்லை. கறையைத் துடைக்கச் சொல்லித்தான் எல்லாரும் வருவார்கள். "அது மேலதாங்க சட்டை வரும்" என்றேன்.

"அதான் கேக்கறேன்" என்றார். வீரமுத்து கூப்பிட்டார். போய்விட்டார்.

அன்று மத்தியானம் படத்தை ஸ்கேன் செய்தேன். முதல் வேலை கறையை எடுப்பது. பழுப்பும் மஞ்சளுமான கறை நீல ஒளியை விழுங்கும், சிவப்பை விட்டுவிடும். அதனால் வண்ணத்தில் ஸ்கேன் செய்து சிவப்புப் பகுதியை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் கறை ஏறக்குறைய மறைந்து, அடியில் இருப்பது மட்டும் நிற்கும். கறைக்கு அடியில் சட்டையின் மடிப்பு ஏதாவது மிச்சம் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு மீதியை வரையலாம் என்று நினைத்தேன்.

மடிப்பு இல்லை. தோள்பட்டை எலும்பின் மேடு இருந்தது. அதற்குக் கீழே மேல்கையின் சதை. சதையில் ஒரு கறுப்புக் கயிறு, கயிற்றில் தாயத்து.

இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன், தாயத்துதான். பிறகு கறை படாத பக்கத்துக்குப் போனேன். வலது பக்கத் தோளும் காலரும் நன்றாகத்தான் இருந்தன. அகலக் காலர், கூர்மையான முனை. ஆனால் வெளிச்சம் முகத்தில் ஒரு பக்கமாக விழுந்திருந்தது, சட்டையில் எந்தப் பக்கமும் விழவில்லை. அவ்வளவு பெரிய காலருக்குக் கழுத்தில் நிழல் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். முகத்தில், புடவையில், குழந்தையில் எல்லாம் பிலிமுக்கே உரிய மணல்போன்ற புள்ளிகள் இருந்தன. சட்டையில் ஒரு புள்ளியும் இல்லை.

படத்தை எடுத்து, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடித்தேன். படம் முழுக்கப் பளபளத்தது. சட்டை மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் மங்கலாக, மெல்லிய மேடாக நின்றது. பிரஷ் போன வழி தெரிந்தது.

"அக்கா, இது சட்டை இல்லை. வரைஞ்சது" என்றேன்.

ரெஜினா அக்கா வந்து குனிந்து பார்த்தார். சிரித்தார். "அப்பல்லாம் இதான்டி போட்டோஷாப்பு. வெள்ளை வாட்டர் கலரு, ஒரு பிரஷ்ஷு. செத்தவங்களுக்குக் கண்ணு தொறந்து வெப்பாங்க, சட்டை இன்னா பெரிய விசயம்? தண்ணி பட்ட எடத்துல கலரு கரைஞ்சிடுச்சு. ஆளு வெளிய வந்துட்டாரு."

"அவங்ககிட்ட சொல்லணுமா?"

"சொல்லேன்."

"நீங்க சொல்லுங்கக்கா."

"நாளைக்கி நான் கரியாலூர்ல நிச்சயதார்த்தம் எடுக்கப் போறேன். மலையில செல்லு எடுக்காது" என்றார் அக்கா, மிகவும் சந்தோஷமாக. "கஸ்டமரு கேட்டது கை. கையப் போடு. அதுக்கு மேல உன் வாய், உன் இஷ்டம்."

என் வாயை அவருக்குத் தெரியும்.

அந்த அம்மா கட்டைவிரல் வைத்த இடத்தை மறுபடி பார்த்தேன். தாயத்துக்கு நேர் மேலே. அவருக்குத் தெரிந்திருக்கிறது. கறை என்று எல்லாரும் சொன்ன இடத்தில் அவர் மட்டும் வீட்டுக்காரருடைய தோளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதன் மேல்தான் நான் திரும்பவும் சட்டை போடப் போகிறேன்.

ஆனாலும் கை வேண்டும். நிஜமான ஒரு கை எப்படி மடிகிறது என்று பார்க்காமல் வரைந்தால், நானும் சுண்ணாம்புதான் அடிப்பேன். சனிக்கிழமை காலை வீட்டில் என் தம்பி அஜித்குமாரைப் பிடித்து, அப்பாவின் வெள்ளைச் சட்டையை மாட்டி, ஜன்னல் ஓரம் ஸ்டூலில் உட்காரவைத்தேன்.

"எதுக்குடி?"

"கை வேணும்."

"யாருக்கு?"

"பேசாத. தோள் ஆடுது."

வெளிச்சம் அய்யாக்கண்ணுவின் முகத்தில் விழுந்த அதே பக்கமிருந்து அவன்மேல் விழும்படி ஸ்டூலைத் திருப்பினேன். இடது கையை முழங்காலில் வைக்கச் சொல்லி, முழுக்கையோடு பத்துப் படம், கையை மடித்துவிட்டு அரைக்கையாகப் பத்துப் படம். முழங்கை உட்பக்கத்தில் மூன்று மடிப்பு விழுந்தது. வெளிப்பக்கம் துணி இழுத்து வழவழவென்று இருந்தது. நான் கற்பனை செய்திருந்தால் நேர்மாறாகச் செய்திருப்பேன்.

கடைக்கு வந்து காலரில் தொடங்கினேன். நன்றாக இருக்கும் பாதியை எடுத்துத் திருப்பி மறுபக்கம் வைப்பதுதான் எல்லாரும் செய்வது. அப்படியே செய்தேன், ஆனால் நிழல் ஒன்றைக் கூடுதலாகப் போட்டேன். காலருக்குக் கீழே, கழுத்தில். ஐம்பது வருடத்தில் அந்தச் சட்டை முதல்முறையாக அவர் உடம்பைத் தொட்டது.

பிறகு கை. தோளையும் தாயத்தையும் அழிக்கவில்லை. கறையை மட்டும் எடுத்துவிட்டு, கீழே தோல் போன இடத்தில் மணிக்கட்டும் விரல்களும் வரைந்து, அது ஒரு அடுக்கு. அதற்கு மேலே தனி அடுக்கில் முழுக்கை. இன்னொரு அடுக்கில் அரைக்கை. வேண்டியதைக் காட்டலாம், வேண்டாததை மறைக்கலாம். மணல் புள்ளிகளையும் கொஞ்சம் தூவினேன். மதியத்துக்குள் முழுக்கை முழங்கைவரை நன்றாக வந்துவிட்டது. மணிக்கட்டுப் பட்டையில் நின்றுவிட்டேன். தம்பியின் சட்டைப் பட்டை இந்தக் காலத்துப் பட்டை. குறுகல், ஒரு பொத்தான். அந்தக் காலரோடு சேரவில்லை.

அதைத் தள்ளிவைத்துவிட்டுத் தூசு எடுக்கத் தொடங்கினேன். படம் முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள், கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனேன். குழந்தையைச் சுற்றிய துண்டில், காலுக்குக் கீழே தொங்கும் ஓரத்தில் இரண்டு தூசு பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்றின்மேல் அம்புக்குறியை வைத்தேன். தூசு இவ்வளவு வட்டமாக இருக்காது. பெரிதாக்கினேன்.

நடுவில் நான்கு துளை இருந்தது. பக்கத்துத் தூசுக்கும் நான்கு துளை.

துண்டுக்குப் பொத்தான் கிடையாது.

இன்னும் பெரிதாக்கினேன். துண்டின் ஓரத்தில் இரட்டைத் தையல். அகலமான பட்டை, இரண்டு பொத்தான், பொத்தானுக்கு நேரே காஜா. மணல் புள்ளிகள் எல்லாம் சரியாக இருந்தன. வெளிச்சம் சரியான பக்கமிருந்து விழுந்திருந்தது. இது வரைந்தது இல்லை.

எனக்குத் தேவைப்பட்ட பட்டை அது. எடுத்துக்கொண்டு போய் அய்யாக்கண்ணுவின் மணிக்கட்டில் வைத்தேன். அளவுகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

நாலு மணிக்கு வந்தார்கள். வீரமுத்து கையில் ஒரு கட்டு மாவிலை இருந்தது. நிர்மலா படத்துக்குச் சட்டம் போடுகிறவரிடம் ஏற்கனவே பேசிவிட்டு வந்திருந்தார். ரெஜினா அக்காவின் நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்து, "அக்கா இல்லியா?" என்று கேட்டார்கள். மலையைக் கை காட்டினேன்.

முதலில் முழுக்கையைக் காட்டினேன்.

வீரமுத்து திரைக்கு மிக அருகில் வந்தார். "யப்பா" என்றார். பிறகு தங்கையிடம் திரும்பி, "பாத்தியா? எப்டி கெத்தா கீறாரு பாரு. தாசில்தாரு மாதிரி."

"தாசில்தாரு ஆத்துத் திருவிழாவுல இன்னாத்துக்கு உக்காந்துக்கினு கீறாரு? அரைக்கைய காட்டு பாப்பா."

முழுக்கையை மறைத்து அரைக்கையைக் காட்டினேன்.

"இதான். இதான் எங்கப்பா."

"கை கம்மியா இருந்தா உங்கப்பாவா?"

"முழங்கை தெரியுது பாரு. அதுலயே ஆளு தெரியறாரு."

"முழுக்கைய காட்டும்மா." காட்டினேன். "அரைக்கைய காட்டு பாப்பா." காட்டினேன். அய்யாக்கண்ணுவின் கை நீண்டு, சுருங்கி, நீண்டது. பச்சையம்மாள் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திரையைப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு துணி தோளை மூடியிருந்தது. மறுபடி தெருவைப் பார்க்கத் தொடங்கினார்.

வீரமுத்து முழுக்கையின் நுனியைச் சுட்டிக்காட்டினார். "இந்தப் பட்டைல ரெண்டு பொத்தான் வெச்சிருக்கியே. அது எப்டிம்மா உனக்குத் தெரியும்?"

"படத்துல இருந்துச்சுங்க."

"எந்தப் படத்துல?"

"இதே படத்துலதாங்க."

"அந்த எடந்தான் கிழிஞ்சி போச்சே" என்றார் நிர்மலா. "அட்டைதான இருந்துச்சு?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வகுப்பில் விடை தெரிந்தும் எழுந்து சொல்லாமல் நான் மேசையையே பார்ப்பேன். இப்போது கீபோர்டைப் பார்த்தேன். ரெஜினா அக்கா இருந்திருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பார். நான் பச்சையம்மாளைப் பார்த்தேன். அவருக்கும் சொல்ல ஏதோ இருந்தது. அவரும் சொல்லவில்லை. என்னைப்போல் இன்னொருவர் அந்தக் கடையில் இருந்தது கொஞ்சம் தைரியமாக இருந்தது.

வாய் வராவிட்டால் கை வரும். முழுக்கையை மறைத்தேன். அரைக்கையைக் காட்டவில்லை. நான் செய்த பாதிக் காலரையும் மறைத்தேன்.

திரையில் அய்யாக்கண்ணு ஒரு பக்கம் வெள்ளைச் சட்டையும் ஒரு பக்கம் வெறும் தோளுமாக உட்கார்ந்திருந்தார். தோளில் வெளிச்சம் விழுந்திருந்தது. முகத்தில் விழுந்த அதே வெளிச்சம்.

"இன்னாது இது?" வீரமுத்துவின் குரல் ஏறியது. "எங்கப்பாவ வெத்து ஒடம்போட உக்கார வெச்சிருக்க? ஏஐ வுட்டியா?"

"இல்லீங்க."

"நாளைக்கி மாமா வூட்டுக்காரங்க வந்து பாத்தா இன்னா நெனப்பாங்க? சட்டை குடுத்தோம், அதக் கழட்டிப்புட்டு உக்காந்துக்கினு கீறான்னுதான?"

"நான் வரையலீங்க" என்றேன். "கறைய மட்டும் எடுத்தேன். இது அடியில இருந்துச்சு. சட்டைதான் மேல வரைஞ்சது. அப்பவே வரைஞ்சிருக்காங்க." இவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை.

"சும்மா சொல்லாதம்மா."

"அண்ணே, இரு." நிர்மலா திரையைத் தொட்டார். "தாயத்து பாரு. ஒரு பக்கம் நசுங்கி இருக்கும். அப்பாவ கெடத்துன அன்னிக்கி நான்தான கழட்டினேன்." வீரமுத்து பார்த்தார். தாயத்து ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

பெஞ்சு நகர்ந்தது. பச்சையம்மாள் எழுந்து வந்து எங்கள் மூவருக்கும் நடுவில் நின்றார். கண்ணாடியைச் சேலையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, தோளில் ஆரம்பித்து விரல்வரை பார்த்தார்.

"வெரலு இவ்ளோ மெலிசு இல்ல. மொத்த வெரலு" என்றார் என்னிடம். பிறகு படத்திடம், "வந்துட்டியா?" என்றார்.

"அம்மா, இன்னா இது?" என்றார் வீரமுத்து.

"இன்னா இன்னா? அந்தாளு அன்னிக்கி சட்டையே போடல."

"போட்டுக்கினு போனாருன்னு நீதான சொல்லுவ?"

"போட்டுக்கினுதான் போனாரு. போட்டோ எடுக்கறப்ப இல்ல." பச்சையம்மாள் ரெஜினா அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "எங்கப்பா வரிசையில சட்டைய வெச்சி, இதப் போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுன்னு சொல்லி அனுப்பினாரு. சரின்னு ஆத்துத் திருவிழாவுல மொதல்லயே காசு கட்டிட்டோம், அதனால அப்டியே எடுத்துக்கினோம். ஒரு வாரம் கழிச்சி இங்கதான், கள்ளக்குறிச்சிக்குத்தான் படம் வாங்க வந்தோம். படத்தப் பாத்த ஒடனே இவருக்கு வேர்த்து ஊத்துது. சட்டையக் காணமே, மாமனாரு பாத்தா இன்னா சொல்லுவாருன்னு. அங்க படம் வரையறவரு ஒருத்தரு இருந்தாரு. உக்காருங்க, டீ குடிச்சிட்டு வாங்கன்னாரு. குடிச்சிட்டு வந்தோம், சட்டை இருந்துச்சு."

நிர்மலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தாத்தா கண்டுபிடிக்கலியா?"

"எங்கப்பாவா? ஊரையே கூட்டியாந்து காட்டினாரு. நான் எடுத்த துணி, எப்டி வெடப்பா நிக்குது பாரு, கொஞ்சமாச்சும் கசங்கி கீதான்னு."

"அரைக்கையா முழுக்கையா வரைஞ்சாரு அந்தாளு?" வீரமுத்து இன்னும் விடவில்லை.

"அரைக்கை. முழுக்கைக்கு நேரம் இல்ல, பஸ்ஸு வந்துடும்னாரு."

"சொன்னேன்ல?" என்றார் நிர்மலா.

"ஆனா நெசச் சட்டை முழுக்கை" என்றார் பச்சையம்மாள்.

"சொன்னேன்ல?" என்றார் வீரமுத்து.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு. உயிரோட இருந்தவரைக்கும் சொல்லல. செத்தப்புறம் சொல்ல ஒரு மாரியா இருந்துச்சு. அந்தப் படத்தப் பாக்கவே எனக்குப் பிடிக்காது. யாரோ வெள்ளையடிச்ச ஆளு மாரி உக்காந்துக்கினு இருப்பாரு. ஓடு ஒழுகி கலரு கரைஞ்சி தோளு வெளிய வந்துச்சு பாரு, அப்பறந்தான் தெனைக்கும் எடுத்துப் பாக்க ஆரம்பிச்சேன். இந்தப் பாப்பா அது மேல மறுபடி சட்டையப் போடப் போவுதேன்னுதான் எனக்கு ரெண்டு நாளா கவலை."

"அப்ப எலி கடிச்சுது, வண்ணான் தொலைச்சான், கொல்லையில பொம்மைக்குப் போட்டது எல்லாம்?"

"நீங்க கேட்டுக்கினே இருந்தா நான் இன்னாதான் சொல்றது?"

வீரமுத்து மாவிலைக் கட்டை மேசைமேல் வைத்தார். கொஞ்ச நேரம் அப்பாவின் தோளைப் பார்த்தார். கோபம் போயிருந்தது. அவருக்கு இப்போது வேறொன்று வேண்டியிருந்தது.

"சரிம்மா. புதுச் சட்டை. மாமனாரு குடுத்தது. போட்டோவுக்குன்னே போட்டுக்கினு போனது. அத ஏன் கழட்டினாரு? கழட்டி எங்க வெச்சாரு?"

பச்சையம்மாள் என்னைப் பார்த்தார். "பொத்தானக் கண்டுபிடிச்சவ நீதான? காட்டு."

குழந்தையின் காலுக்குக் கீழே தொங்கிய ஓரத்தைப் பெரிதாக்கினேன். திரை முழுக்க வந்தது. இரட்டைத் தையல், அகலப் பட்டை, இரண்டு பொத்தான். அதன் மேலே ஒரு வயது வீரமுத்துவின் பாதம், ஐந்து விரலும் குளிரில் மடங்கியிருந்தன.

"இது என்னச் சுத்தின துண்டு" என்றார் வீரமுத்து.

"துண்டு யாருகிட்ட இருந்துச்சு? இவரு ராட்டினத்த வேடிக்கை பாத்துக்கினு நின்னாரு. நீ கையவுட்டு எறங்கி, ஆத்துல வுழுந்து, தண்ணி சொட்டச் சொட்ட நடுங்கிக்கினு கெடந்த. தை மாசத்துப் பனி. புள்ளைய ஆத்துல வுட்டுட்டாருன்னு எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். அதுக்குத்தான் சத்தியம்." பச்சையம்மாள் திரையில் இருந்த பாதத்தின்மேல் கட்டைவிரலை வைத்தார். "அந்தச் சட்ட உம் மேலதாண்டா கீது."